எஃப்.ஐ.ஆர். குற்றப்பத்திரிகை அல்ல

"காவல்துறை குற்றப்பத்திரிகை பதிந்தது" என்று வழக்குப் பதிவான மறுநாளே செய்திகளில் எழுதுகிறார்கள். பதிந்தது எஃப்.ஐ.ஆர்.; குற்றப்பத்திரிகை என்பது புலனாய்வு முடிந்தபின் நீதிமன்றத்தில் தாக்கலாவது. வழக்கின் தொடக்கத்துக்கு அதன் முடிவின் பெயரைச் சூட்டினால், பெயர் சேர்க்கப்பட்டவரை ஊர் அன்றே குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

எஃப்.ஐ.ஆரின் தமிழ்ப் பெயரான 'முதல் தகவல் அறிக்கை'யும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. அறி என்னும் வினையிலிருந்து வந்தது அறிக்கை. அறிவிப்பது என்பதே பொருள். ஆனால் இன்று விசாரணைக் கமிஷன் அறிக்கை, தணிக்கை அறிக்கை என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஆராய்ந்து கண்ட முடிவாகவே ஒலிக்கிறது. அரசுப் படிவத்தில் உள்ள அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, மாற்றச் சொல்லவில்லை. ஆயினும் 'முதல் தகவல் பதிவு' என்பதே உண்மைக்கு நெருக்கம். தகவல் தருபவர் சொன்னதைக் காவல் நிலையம் பதிகிறது, அவ்வளவுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் தகவலைப் பதிவதைப் பற்றித்தான் பேசுகிறது.

எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்தால் இது விளங்கும். ஓர் அடிதடி வழக்கில் 2ஆம் பத்தியில் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(b), 115(2), 118(1), 351(2) என்று இருப்பதாகக் கொள்வோம். ஆபாசமாகத் திட்டுதல், காயம், ஆயுதத்தால் காயம், மிரட்டல். இவற்றில் 115(2), 351(2) மட்டும் இருந்தால் நீதித்துறை நடுவர் உத்தரவின்றிப் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தாலே முழு வழக்கும் புலனாய்வுக்கு உரியதாகிவிடும். ஆகவே 12ஆம் பத்தியையோ இணைத்த புகாரையோ படித்து, கம்பு, கத்தி என எந்த ஆயுதமாவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "கையால் அடித்தார்" என்று மட்டும் இருந்தால் 118(1) நிற்பது கடினம்.

தேதிகள் மூன்று. 3ஆம் பத்தியில் சம்பவ நேரமும் தகவல் கிடைத்த நேரமும். 15இல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நேரம். சம்பவம் 10ஆம் தேதி இரவு, தகவல் 12 காலை, அனுப்பியது 14 என்றால், முதல் தாமதத்துக்கு 8ஆம் பத்தியில் காரணம் வேண்டும். இரண்டாவதற்குப் போலீஸ்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பவம் 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால், பின்னர் பதிந்தாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகளே வரும்.

பிரிவுகளும் இறுதியல்ல. சாட்சி வாக்குமூலம், காயச் சான்று வந்தபின் கூடும், குறையும். 90 நாளுக்குள் புலனாய்வின் நிலையைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும். முடிவில் வருவது சுரக்ஷா சன்ஹிதா 193ஆம் பிரிவின் இறுதி அறிக்கை. ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரிகை, இல்லையேல் வழக்கை முடிக்கும் அறிக்கை. முடித்துவைத்தால் புகார்தாரர் நடுவரிடம் ஆட்சேபிக்கலாம்.

தமிழகத்தில் இன்னொரு குழப்பம்: சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு" என்பது. அதில் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருக்காது. எஃப்.ஐ.ஆர். என்றால் நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.