உள முதலுதவி: ‘கேள்’ என்றால் கேள்வி கேட்பது அல்ல

பேரிடர் போன்ற பெரிய அதிர்ச்சியில் பயந்துபோனவர்களுக்கு அப்போதே தரும் ஆதரவும் உதவியும்தான் ‘சைக்கலாஜிக்கல் ஃபர்ஸ்ட் எய்டு’. அதைத் தமிழில் பெரும்பாலும் ‘உளவியல் முதலுதவி’ என்கிறோம். உளவியல் ஒரு படிப்பின் பெயர் என்பதால், அதைக் கேட்டதும் ஆசிரியர்கள் “அது டாக்டர் வேலை” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ‘மனநல முதலுதவி’ என்றால் வேறு குழப்பம். அந்தப் பெயருக்குப் பொருந்தும் தனிப் பயிற்சி ஒன்று ஆஸ்திரேலியாவில் தொடங்கி நடந்துவருகிறது, அது மனச்சோர்வு போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு உதவுவதற்கானது. நாம் பேசுவது பயந்துபோனவர்களைப் பற்றி, நோயாளிகளைப் பற்றி அல்ல. அதனால் ‘உள முதலுதவி’ போதும் என்பது என் கட்சி.

ஆங்கிலச் சொல் புதிதல்ல. 1954இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதே தலைப்பில் பேரிடர்க் கையேடு ஒன்றை வெளியிட்டது. ஆனால் 1980களில் வேறொரு முறை பரவியது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களை உட்கார வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வைப்பார்கள். கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை. பின்னர் ஆய்ந்து பார்த்தபோது, ஒரே அமர்வில் இப்படிப் பேச வைப்பது பிந்தைய பாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சில ஆய்வுகளில் பேச வைக்கப்பட்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாகவும் இருந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட கையேடு, கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்கிறது.

அந்தக் கையேடு இந்த உதவியைச் சுருக்கிச் சொல்லும் மூன்று சொற்களைப் பார், கேள், இணை என்று தமிழாக்கலாம். இதில் நடுச்சொல்லில்தான் வம்பு. ஆங்கிலத்தில் உள்ள ‘லிசன்’ செவிகொடுப்பதை மட்டும் குறிக்கும். நம் ‘கேள்’ வினவுவதையும் குறிக்கும். பயிற்சித் தாளில் ‘கேள்’ என்று பார்த்த தன்னார்வலர் நேரே போய் “அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?” என்று ஆரம்பிப்பதில் வியப்பில்லை. ‘காதுகொடு’ என்று போட்டால் பாதிப் பிழை குறையும்.

மீதிப் பாதிக்கு ஓர் உதாரணம். டிசம்பரில் ஒரு புயல் இரவு, கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் தெருவுக்குள் கடல்நீர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் 2004 சுனாமியை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், தண்ணீரைவிடப் பெரியவர்களின் முகமே பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தியிருக்கும். பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பு ஆசிரியை முதலில் பார்க்க வேண்டும்: யார் வரவில்லை, யாருக்குக் காயம், யார் வெறித்துப் பார்த்தபடி இருக்கிறார்கள். ‘வெள்ளம் வந்த இரவு’ என்று கட்டுரையோ படமோ கேட்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு வெளியிலிருந்து வருபவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

பேசாமல் இருக்கும் ஒரு மாணவியின் பக்கத்தில், அவள் உயரத்துக்கு உட்கார்ந்து “சாப்பிட்டியாம்மா? ஏதாவது வேணுமா?” என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு இடம் உண்டு, அது இப்போதைய தேவையைப் பற்றியது. அவள் பேசாவிட்டால் பக்கத்திலேயே சும்மா இருக்கலாம். உடம்பு நடுங்கினால் காலைத் தரையில் நன்றாக ஊன்றச் சொல்லி, சுற்றியுள்ள பொருள்கள் சிலவற்றைச் சொல்லச் சொல்லலாம், மெதுவாக மூச்சு விடச் சொல்லலாம்.

“பாட்டி எங்க இருக்காங்கன்னு தெரியல மிஸ்” என்கிறாள். “பாட்டிக்கு ஒண்ணும் ஆகாது” என்று வாய்வரை வரும். சொல்லக் கூடாது, நமக்கே தெரியாது. “முகாம் லிஸ்ட்ல இருக்காங்களான்னு வி.ஏ.ஓ. கிட்ட விசாரிக்கிறேன். 11 மணிக்கு வந்து சொல்றேன்” என்பது சரி. 11 மணிக்குத் தகவல் எதுவும் இல்லாவிட்டாலும் போய் “இன்னும் தெரியல, மறுபடி கேக்குறேன்” என்று சொல்லியாக வேண்டும். ‘இணை’ என்பது இதுதான்: உறவோடும் தகவலோடும் உதவியோடும் ஆளைச் சேர்த்துவிடுவது. அவளே கதையை ஆரம்பித்தால் தடுக்காமல் காதுகொடுக்கலாம், “அப்புறம்? அப்புறம்?” என்று தோண்டாமல்.

தூக்கம் கெடுவது, படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விடாமல் பிடித்துக்கொள்வது, ‘அலை வருது’ என்று திரும்பத் திரும்ப விளையாடுவது ஆகியவை முதல் சில வாரங்களில் சகஜம். வீட்டாரோடு இருந்து, பள்ளி பழையபடி நடந்தால் பெரும்பாலும் தணியும். ஒரு மாதம் கடந்தும் தணியாமல் படிப்பும் சாப்பாடும் கெட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே அனுப்ப வேண்டும், ஆளைத் தனியே விடக் கூடாது. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.