தூங்கும் சுரப்பியில் ஓயாத ஒரு கட்டி

குடியாத்தம் பக்கத்தில் தறி வேலை செய்து ஓய்ந்த 70 வயது மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முப்பது ஆண்டுகளாகக் கழுத்தில் ஒரு கழலை உண்டு. வலியில்லாததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓராண்டில் எட்டு கிலோ இளைத்து, சோர்ந்து, பேச்சுக் குறைந்தபோது வீட்டார் அதை வயதின் தளர்ச்சி என்றே எண்ணினார்கள். கண் பிதுங்கவில்லை, பதற்றமும் இல்லை. நாடி ஒழுங்கின்றி அடிப்பதைக் கவனித்த மருத்துவர் இ.சி.ஜி. எடுத்தபோது, இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது தெரிந்தது. அதன் பிறகே தைராய்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.01 என்ற அளவில் அடங்கிக் கிடந்தது. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் சற்றே கூடியிருந்தது.

இயல்பாக, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். மூலம் ஆணையிட்டால்தான் தைராய்டு செல்கள் ஹார்மோனைச் சுரக்கும். பல ஆண்டுகள் வளர்ந்த கட்டியில் ஏதோ ஒரு செல்லில், அந்த ஆணையை வாங்கும் ஏற்பியின் மரபணு பிறழ்ந்துவிடலாம். அதன்பின் ஆணை வராவிட்டாலும் ஏற்பி வந்ததாகவே நடந்துகொள்ளும். அந்தச் செல்லின் வழித்தோன்றல்களும் அப்படியே. ஹார்மோன் மிகுவதைக் கண்ட பிட்யூட்டரி ஆணையை நிறுத்திவிட, நல்ல பகுதி முழுவதும் தூங்கிப்போகிறது. பல கட்டிகள் கொண்ட கழலையில் இது இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியே நிகழலாம். அத்தகையவருக்கு ஸ்கேனுக்காக அயோடின் கலந்த சாய ஊசி போட்டால், அதுவரை அயோடின் போதாமல் மெதுவாக இயங்கிய கட்டிகளும் சில வாரங்களில் சீறத் தொடங்கலாம். கழலை இருப்பதை ஸ்கேன் எடுக்குமிடத்தில் சொல்லிவிடுவது ஏன் அவசியம் என்பது இதனால் விளங்கும்.

சுரப்பியில் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் டெக்னீஷியம் ஸ்கேனில் மூதாட்டியின் வலப்பக்கக் கட்டி மட்டும் கரிய வட்டமாகப் பதிந்தது. மற்ற இடமெல்லாம் ஏறத்தாழ வெறுமை. எதிர்ப்பொருள்கள் சுரப்பியைத் தூண்டும் கிரேவ்ஸ் நோயாக இருந்தால் சுரப்பி முழுவதும் சீராகப் பதிந்திருக்கும்.

இந்த வேறுபாடு மருத்துவத்தையே மாற்றிவிடுகிறது. கிரேவ்ஸ் நோய் ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை ஒன்றரை ஆண்டு எடுத்தால் சிலருக்கு அடங்கிவிடும். பிறழ்ந்த மரபணு அப்படித் தானாகத் திருந்தாது, மாத்திரையை நிறுத்தியதும் ஹார்மோன் மீண்டும் ஏறும். ஆகவே பெரும்பாலும் கதிரியக்க அயோடினோ அறுவையோ தேவைப்படுகிறது. கதிரியக்க அயோடினை உறிஞ்சுவது விழித்திருக்கும் கட்டிதான்; தூங்கும் பகுதி பெருமளவு தப்பிவிடும். மாத்திரையை அதிகமாகக் கொடுத்து டி.எஸ்.எச். ஏறிவிட்டால் அந்தப் பகுதியும் விழித்துக் கதிரியக்கத்தை உறிஞ்சும் என்பதால், டி.எஸ்.எச். அடங்கியிருக்கும்போதே கதிரியக்க அயோடினைக் கொடுக்கிறார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அப்போதும் டி4 இயல்புக்கு வந்தபின் பல வாரங்கள் டி.எஸ்.எச். தாழ்ந்தே இருக்கக்கூடும், நெடுநாள் அடங்கிய பிட்யூட்டரி விழிக்க நேரமெடுக்கும் என்பதை அறியாதவர், நோய் தீரவில்லை என்று தவறாகப் படித்துவிடுவார்.