ஈசோஃபேஜியல் அட்ரீசியா: தமிழில் உணவுக்குழல் துளையின்மை

பிறந்த குழந்தை வாயில் நுரை தள்ளுகிறது. துணியால் துடைத்தால் சற்று நேரத்தில் மறுபடியும் நுரை வந்து நிற்கிறது. முதல் பால் கொடுத்ததும் புரையேறி, இருமி, உதடு நீலமாகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவர் மனதில் முதலில் வரும் பெயர் ஈசோஃபேஜியல் அட்ரீசியா. ஏறக்குறைய 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் பிறவிக் குறை இது.

பெயரில் உள்ள இரண்டு சொற்களும் கிரேக்க வேர் கொண்டவை. ஈசோஃபேகஸ் என்பது உண்டதைக் கொண்டு செல்லும் குழல். அட்ரீசியாவில் ‘அ’ என்றால் இல்லை, ‘ட்ரீசிஸ்’ என்றால் துளை. ஆக, துளை இல்லாமை.

தமிழில் இதை ‘உணவுக்குழாய் அடைப்பு’ என்று எழுதுகிறார்கள். பேச்சுக்குச் சரி, ஆனால் பெற்றோரைத் தவறாக எண்ண வைக்கும். அடைப்பு என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது, எடுத்துவிட்டால் வழி திறந்துவிடும் என்று தோன்றும். இங்கே சிக்கியது எதுவும் இல்லை, குழலே தொடர்ச்சியாக உருவாகவில்லை. அதனால் ‘உணவுக்குழல் துளையின்மை’ என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் உணவுக்குழலுக்குக் ‘களம்’ என்று பெயர். அங்குள்ளவர்கள் ‘களத் துளையின்மை’ என்று சொல்லலாம்.

கரு உருவாகி நான்காவது வாரம் வாக்கில், ஒரே முன்குடல் குழலிலிருந்து மூச்சுக்குழலும் உணவுக்குழலும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். அந்தப் பிரிவு பிசகும்போது இந்தக் குறை வருகிறது. தாய் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் என்று வீட்டில் பேச்சு எழுவதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

பெரும்பாலான குழந்தைகளில், அதாவது 100-ல் 85 பேர் வரை, அமைப்பு ஒரே மாதிரி இருக்கும். உணவுக்குழலின் மேல்பாதி நெஞ்சுக்குள் பை போல மூடி நின்றுவிடும். கீழ்ப்பாதி இரைப்பையிலிருந்து மேலே வந்து, மூச்சுக்குழலின் பின்சுவரில் திறக்கும். இந்தத் தவறான இணைப்பைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள். லத்தீனில் அதற்குக் குழாய் என்று பொருள். தமிழில் ‘புரை’ என்று சொல்லலாம். உள்ளே துளையோடிய புண்ணைப் ‘புரையோடிய புண்’ என்கிறோமே, அந்தப் புரைதான்.

இந்த அமைப்பு தெரிந்தால் அறிகுறிகள் தாமாகவே விளங்கும். விழுங்க வழியில்லாத உமிழ்நீர் மேல்பையில் நிரம்பி, வாய்க்கு வந்து நுரைக்கிறது. கொடுத்த பாலும் அந்தப் பையிலிருந்து வழிந்து மூச்சுக்குழலுக்குள் போகிறது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு மூச்சிலும் காற்று புரை வழியாக இரைப்பைக்குப் போய் வயிறு உப்புகிறது, இரைப்பை அமிலம் அதே வழியில் நுரையீரலுக்கு ஏறுகிறது. பாலைவிட இந்த அமிலம்தான் அதிகக் கெடுதல் செய்யும். கருவிலேயே குழந்தை பனிக்குட நீரை விழுங்க முடியாததால், சிலருக்கு ஸ்கேனில் நீர் அதிகம் என்று முன்பே எழுதியிருப்பார்கள். பலர் அந்த வரியைக் கவனிப்பதில்லை.

உறுதி செய்ய பெரிய கருவி வேண்டாம். சற்றே விறைப்பான, 10 எண் அளவுள்ள ட்யூப்பை வாய் வழியாக விட்டால் 10 செ.மீ. வாக்கில் முட்டி நின்றுவிடும். மெல்லிய ட்யூப் என்றால் ஏமாற்றிவிடும்: பைக்குள்ளேயே சுருண்டுகொள்ள, வெளியில் இருப்பவருக்கு இரைப்பைக்குப் போனது போலத் தோன்றும். எக்ஸ்ரே எடுத்தால் ட்யூப்பின் நுனி மேல்நெஞ்சில் நிற்பது தெரியும். வயிற்றில் காற்று தெரிந்தால் கீழே புரை உண்டு என்று அர்த்தம்.

சந்தேகம் வந்த கணமே பால் நிறுத்தப்பட வேண்டும். சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் சர்க்கரைத் தண்ணீர்கூட நாக்கில் படக் கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்து, மேல்பையில் ட்யூப் வைத்து உமிழ்நீரை விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைகள் அறுவை சிகிச்சை உள்ள இடத்துக்குப் போகும் வழியிலும் இது நிற்கக் கூடாது. குழந்தை நிலையாக இருந்தால், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு ஓரிரு நாளில் அறுவை நடக்கும். இதயம், முதுகெலும்பு, ஆசனவாய், சிறுநீரகம் ஆகியவற்றிலும் குறை சேர்ந்து வருவதுண்டு. வலது நெஞ்சு வழியாகப் புரையைக் கட்டிப் பிரித்து, இரண்டு முனைகளையும் தைத்து இணைப்பார்கள். இடைவெளி அதிகம் என்றால் ஒரே அறுவையில் முடியாது. முனைகளை இணைக்கும்வரை வயிற்றில் ட்யூப் வைத்து உணவு.

1941-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரன் ஹெய்ட் என்பவர் ஒரே அறுவையில் இரு முனைகளையும் இணைத்து முதன்முதலாகக் குழந்தையைக் காப்பாற்றினார். இன்று நல்ல வசதியுள்ள மையங்களில், வேறு பெரிய குறை இல்லாத குழந்தைகளில் 10-க்கு 9-க்கும் மேல் பிழைக்கின்றன.

தைத்த இடம் பின்னால் சுருங்குவதுண்டு. குழந்தை திட உணவுக்கு மாறும்போது விழுங்கத் திணறினால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலூன் வைத்து விரிப்பார்கள். மூச்சுக்குழல் மென்மையாக இருப்பதால் நாய் குரைப்பது போன்ற இருமல் சில வருடம் இருக்கும். புதிதாகப் பார்க்கும் மருத்துவர் அதைச் சாதாரணச் சளி என்று எண்ணிவிடாதபடி, அறுவை செய்த தாளைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.