மார்ச் 31 ராத்திரி லாரியில இருக்கற சரக்கு யாரோட ஸ்டாக்?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கறேன். மார்ச் 31 சாயங்காலம் குடோன்ல மூட்டை மூட்டையா எண்ணி முடிச்சு ஷீட்ல கையெழுத்து வாங்கிட்டோம்னா ஸ்டாக் வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா குடோன்ல இல்லாத நம்ம சரக்குன்னு ஒண்ணு இருக்கு, அதே மாதிரி நம்ம புக்ல ஏறிட்ட அடுத்தவங்க சரக்குன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டுமே அந்த ராத்திரி எங்கயோ ரோட்டுலயோ கடல்லயோ போய்ட்டு இருக்கும்.

ஒரு உதாரணம் போட்டு பாப்போம், ஜிஎஸ்டி இல்லாத தொகை, புரியறதுக்காக ரவுண்டா வெச்சுக்கறேன். குஜராத் மில்லுல இருந்து 6 லட்சத்துக்கு நூல், லாரி ரசீது தேதி மார்ச் 28, வண்டி நம்ம குடோனுக்கு வந்தது ஏப்ரல் 2, பில் இன்னும் ஏத்தல. மும்பைல இருந்து 4 லட்சத்துக்கு சாயம், பில் தேதி மார்ச் 29, பில் மெயில்ல வந்த உடனே பையன் பர்சேஸ்ல போட்டுட்டான், டிரம் எல்லாம் ஏப்ரல் 3 தான் வந்துச்சு. மூணாவது ஷாங்காய்ல இருந்து 5 லட்சத்துக்கு ஜிப், கப்பல்ல ஏத்துனது மார்ச் 20, தூத்துக்குடி வந்தது ஏப்ரல் 10, இதுவும் புக்ல ஏறல. மார்ச் 31 ராத்திரி மூணுமே வழியில இருக்கு, ஆனா மூணுக்கும் பதில் ஒண்ணு இல்ல.

1930ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் 23வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, விக்கறவர் ஒப்பந்தப்படி சரக்கை லாரிக்காரர்கிட்டயோ கப்பல்காரர்கிட்டயோ ஒப்படைச்சுட்டு, அது மேல தனக்குன்னு எந்த உரிமையும் பிடிச்சு வெக்கலன்னா சரக்கு அப்பவே வாங்கறவருக்கு போயிடுது. 26வது பிரிவுப்படி வேற மாதிரி பேசிக்கலன்னா சரக்கோட ரிஸ்க்கும் உரிமை பின்னாடியே போகும். அதனால கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: வண்டி வழியில கவுந்தா யாரோட பணம் போச்சு?

நூல் எக்ஸ் மில் விலை, அதாவது மில் வாசல்ல ஒப்படைக்கற விலை, நாம குடுத்த ஆர்டரான பி.ஓ.வுலயே அப்படித்தான் இருக்கு, லாரி வாடகை நம்மளது, டிரான்சிட் இன்சூரன்ஸ் நம்ம பாலிசில. மார்ச் 28ந் தேதி மில் கேட்டை தாண்டுன உடனே அது நம்ம நூல். 6 லட்சம் பர்சேஸ்லயும் சேரணும், குளோசிங் ஸ்டாக்லயும் சேரணும்.

சாயத்துலதான் யோசிக்கணும். விலை எஃப்.ஓ.ஆர் திருப்பூர், அதாவது திருப்பூர் வரைக்கும் லாரி வாடகை சேர்ந்த விலைன்னு போட்டிருக்கு, ஆனா பில்லோட அடியில சின்ன எழுத்துல "சரக்கு எங்க குடோனை விட்டு கிளம்புனதோட எங்க பொறுப்பு தீர்ந்தது"ன்னு அச்சடிச்சிருக்கு. இத பாத்துட்டு பாதி பேர் நம்ம சரக்குங்கறாங்க, எஃப்.ஓ.ஆர பாத்துட்டு மீதி பேர் அவங்க சரக்குங்கறாங்க. எஃப்.ஓ.ஆர்ங்கறது சில இடத்துல வாடகை யார் குடுக்கறாங்கன்னு மட்டும்தான் சொல்லும், அத வெச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. நான் பி.ஓ.வ எடுத்து பாத்தேன், "எங்க குடோன்ல இறக்கி செக் பண்ணி ஏத்துக்கிட்டாத்தான் டெலிவரி"ன்னு தெளிவா இருந்துச்சு, டிரான்சிட் இன்சூரன்ஸ் அவங்க பேர்ல, போன வருஷம் ஒரு டிரம் வழியில ஒழுகினப்ப பேசாம மாத்தி குடுத்ததும் அவங்கதான். மூணும் ஒரே பக்கம் காட்டுது, அதனால மார்ச் 31ல அது மும்பைக்காரர் சரக்கு. 4 லட்சத்தை பர்சேஸ்ல இருந்து எடுக்கணும். ஸ்டாக்ல கை வெக்க வேண்டாம், அது எண்ணிக்கையிலயே வரல.

ஜிப் சி.ஐ.எஃப் தூத்துக்குடி. கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் ஷாங்காய்காரர் கட்டறார், அதனால தூத்துக்குடி வந்து சேர்ற வரைக்கும் அவர் பொறுப்புன்னு நெனைக்கறதுதான் நான் அதிகமா பாத்த தப்பு. ஏத்துமதி இறக்குமதிக்கான சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ்படி சி.ஐ.எஃப்லயும் எஃப்.ஓ.பி மாதிரியேதான், ஏத்துமதி துறைமுகத்துல கப்பல்ல ஏறுன நிமிஷமே ரிஸ்க் வாங்கறவருக்கு வந்துடும், ஷாங்காய்காரர் எடுக்கற இன்சூரன்ஸே நமக்காகத்தான். கப்பல் கம்பெனி குடுக்கற பில் ஆஃப் லேடிங்ல "ஆன் போர்டு" தேதி மார்ச் 20, ஆக 5 லட்சம் நம்ம ஸ்டாக். ஒரு விஷயம், இன்கோடெர்ம்ஸ் ரிஸ்க்கையும் செலவையும்தான் சொல்லும், உரிமைய பத்தி பேசாது. விக்கறவர் பணம் வர்ற வரைக்கும் டாக்குமெண்டை பேங்க் வழியா பிடிச்சு வெச்சிருந்தா சட்டப்படி உரிமை தள்ளிப் போகலாம், ஆனா அது வெறும் பணத்துக்கான பாதுகாப்புன்னா கணக்குல ரிஸ்க் யார்கிட்டன்னுதான் பாக்கறோம். கஸ்டம்ஸ் டூட்டி இதுல சேராது, அது ஏப்ரல்ல பில் ஆஃப் என்ட்ரி போடறப்ப வர்ற செலவு.

இப்ப மொத்தமா போடுவோம். ஓப்பனிங் ஸ்டாக் 35 லட்சம், புக்ல பர்சேஸ் 180 லட்சம், எண்ணுன ஸ்டாக் 42 லட்சம், சேல்ஸ் 200 லட்சம். திருத்தாம விட்டா வித்த சரக்கோட அடக்கம் 35 + 180 - 42 = 173, மொத்த லாபம் 27 லட்சம். திருத்துனா பர்சேஸ் 180 + 6 + 5 - 4 = 187, ஸ்டாக் 42 + 6 + 5 = 53, அடக்கம் 35 + 187 - 53 = 169, லாபம் 31 லட்சம்.

வித்தியாசம் 4 லட்சம், கரெக்டா அந்த சாயம் பில் தொகை, ஏன்னா அது ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்துச்சு, பர்சேஸ்ல இருக்கு ஸ்டாக்ல இல்ல. நூலும் ஜிப்பும் 11 லட்சம் விட்டுப் போயிருந்தும் லாபத்துல ஒரு பைசா மாறல, ரெண்டு பக்கமும் விட்டுப் போனதால ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிச்சு. இதனாலதான் "லாபம் மாறாதே சார், எதுக்கு இந்த வேலை"ன்னு கேக்கறாங்க. லாபம் மாறாது, ஆனா பேலன்ஸ் ஷீட்ல ஸ்டாக் 11 லட்சம் கம்மியா தெரியும், சப்ளையருக்கு குடுக்க வேண்டிய கடனும் அதே 11 லட்சம் கம்மியா தெரியும், ஆடிட்டர் மில்லுக்கு பாக்கி உறுதி கேட்டு லெட்டர் போட்டா மில் சொல்ற தொகையும் நம்ம தொகையும் 6 லட்சம் இடிக்கும்.

ஜிஎஸ்டிய இதோட குழப்பிக்க வேண்டாம், அங்க கேள்வி சரக்கு கைக்கு வந்துச்சாங்கறது, யாரோடதுங்கறது இல்ல. பொதுவா சரக்கு வந்த பிறகுதான் இன்புட் கிரெடிட். எக்ஸ் ஒர்க்ஸ் ஒப்பந்தத்துல மட்டும் பேக்டரி வாசல்ல டிரான்ஸ்போர்ட்காரர்கிட்ட ஒப்படைச்சாலே நம்ம வாங்குன மாதிரின்னு 2024 டிசம்பர் 31 சர்க்குலர்ல விளக்கியிருக்காங்க.

இதெல்லாம் எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, சரக்கு வந்ததும் ஸ்டோர்ல போடற வரவுச் சீட்டுதான் ஜி.ஆர்.என், ஏப்ரல் முதல் ரெண்டு மூணு வார ஜி.ஆர்.என் ரிஜிஸ்டரை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் லாரி ரசீது தேதிய பாக்கணும், மார்ச்ல கிளம்பியிருந்தா பி.ஓ.வ தேடி எடு. அப்புறம் திருப்பி, மார்ச் கடைசி வார பர்சேஸ் பில் ஒவ்வொண்ணுக்கும் மார்ச் 31க்குள்ள ஜி.ஆர்.என் இருக்கான்னு பாரு, இல்லன்னா அது சாயம் மாதிரி கேஸா இருக்கலாம். இறக்குமதி ஒரு மாசம் வரைக்கும் கடல்ல இருக்கும், அதனால அதுக்கு மட்டும் ஏப்ரல் முழுக்க பாக்கறேன்.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில இதெல்லாம் சரியா பண்ணிட்டு ஏப்ரல்ல கோட்டை விட்டோம். மார்ச் 31 தேதில நூலுக்கு என்ட்ரி போட்டாச்சு, ஏப்ரல்ல வண்டி வந்ததும் ஸ்டோர்ல ஜி.ஆர்.என் போட்டு பில்லை அனுப்ப, இன்னொருத்தர் அதையே புது பர்சேஸா திரும்ப ஏத்திட்டார், ஜூன்ல மில்காரரோட கணக்கு ஒத்துப் பாக்கறப்பதான் தெரிஞ்சுது. அதுல இருந்து வழியில இருக்கற சரக்குக்குன்னு தனி லெட்ஜர் வெச்சு, மார்ச் 31 என்ட்ரில லாரி ரசீது நம்பரையும் பில் நம்பரையும் எழுதிடறேன், ஏப்ரல்ல சரக்கு வந்தா அந்த லெட்ஜர்ல இருந்து ஸ்டாக்குக்கு மாத்தறது மட்டும்தான், பர்சேஸ தொடறதில்ல. மே முடியறப்ப அந்த லெட்ஜர்ல பாக்கி இருந்தா ஒண்ணு சரக்கு இன்னும் வரல, இல்ல யாரோ பில்லை ரெண்டாவது தடவை ஏத்தியிருக்காங்க.