இல்லாத படைப்புக்குப் படக்குறிப்பு எழுதும்போது

கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிடும் இன்ஸ்டலேஷன்கள், ஒரு மாலையோடு முடிந்துபோகும் நிகழ்த்துகலைகள், இவற்றைப் பற்றிய கட்டுரைகளைச் சரிபார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அவற்றில் நான் அதிகம் திருத்துவது படக்குறிப்பைத்தான். மிஞ்சியிருக்கும் புகைப்படத்தைப் பார்த்து எழுதிவிட்டு, படைப்பையே பார்த்ததுபோல் பேசுகிறார்கள்.

ஜெர்மானியக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸின் மெர்ஸ்பாவ் இதற்கு நல்ல உதாரணம். ஹனோவர் நகரில், தன் பெற்றோரின் வீட்டில் அவர் 1920-களில் தொடங்கிய வேலை அது. கிடைத்த பொருள்களை ஒட்டி எழுப்பிய தூண்கள், நண்பர்களுக்கென்று சிறு குகைகள், பிறகு அவற்றை மூடிக்கொண்டு வளர்ந்த மரமும் பிளாஸ்டரும் என்று அறையையே விழுங்கிவிட்டது. 1937-இல் அவர் நாஜிகளிடமிருந்து தப்பி நார்வே போனார். 1943 அக்டோபரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் வீடு அழிந்தது.

முதன்மை அறையின் முழுத் தோற்றத்துக்கு நாம் நம்பியிருப்பது 1933-இல் வில்ஹெல்ம் ரெடெமான் எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை. அவற்றில் ஒன்றுக்கு ‘நீல ஜன்னல்’ என்று பெயர். படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஜன்னல் சாம்பல் நிறம்தான். நீலம் என்பதை அந்தப் பெயர்தான் சொல்கிறது. அப்படியென்றால் பெயரில் வராத நிறங்களெல்லாம்? எழுதுகிறவர் “வெண்ணிற அறை” என்று போடுவதற்கு முன் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில், ஹரால்ட் ஸீமான் ஏற்பாடு செய்த ஒரு கண்காட்சிக்காக, மேடை வடிவமைப்பாளர் பீட்டர் பிஸ்ஸெகர் அந்த அறையை முழு அளவில் மறுபடியும் கட்டினார். புகைப்படங்களின் கோணத்திலிருந்து அளவுகளைக் கணக்கிட்டு, ஷ்விட்டர்ஸின் மகன் எர்ன்ஸ்டின் நினைவுகளையும் சேர்த்துக்கொண்டு செய்த அசாத்திய உழைப்பு. ஹனோவரின் ஸ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்தில் இன்று பார்ப்பது அதைத்தான். ஆனால் அது 1933-ஆம் ஆண்டின் ஒரு நிலையை மட்டும் பிடித்து நிறுத்தியது. ஷ்விட்டர்ஸோ நாடு விட்டுப் போகும்வரை அதை மாற்றிக்கொண்டே இருந்தவர். முந்தைய குகைகள் பல உள்ளே புதைந்துபோயின. படத்தில் தெரியாத மூலைகளை ஊகித்துத்தான் கட்ட முடியும்.

இதோடு வாய்வழிக் கதைகளும் சேர்கின்றன. தூண் கூரையை முட்டியதும் மேல்மாடிக் குடித்தனக்காரரைக் காலிசெய்யச் சொல்லிவிட்டு, கூரையை உடைத்து ஷ்விட்டர்ஸ் மேலே கட்டினார் என்று நண்பர் ஹான்ஸ் ரிக்டர் பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதினார். சுவையான கதை, அதனால்தான் எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. நான் இந்தக் கதையை வெட்டச் சொல்வதில்லை, “என்று ரிக்டர் நினைவுகூர்ந்தார்” என்பதைச் சேர்க்கச் சொல்வேன். அன்றைக்கே பதிவானது, பிறகு நினைவிலிருந்து சொன்னது, இன்னொருவர் ஊகித்தது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்தால், அடுத்து எழுதுகிறவரால் பிரித்தெடுக்கவே முடியாது.

“கர்ட் ஷ்விட்டர்ஸ், மெர்ஸ்பாவ், 1923–1943” என்று மட்டும் போட்டால் என்ன படம் என்றே தெரியாது. “மெர்ஸ்பாவ் முதன்மை அறையின் ஒரு பக்கம், 1933-இல் இருந்த நிலை. படம்: வில்ஹெல்ம் ரெடெமான். 1943-இல் அழிந்தது” என்பது சரி. வண்ணப் படம் என்றால் அது பெரும்பாலும் பிஸ்ஸெகர் கட்டியதாகத்தான் இருக்கும். அவர் பெயரும் ‘மறுஉருவாக்கம்’ என்ற சொல்லும் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது.

நிகழ்த்துகலையில் சிக்கல் இன்னும் கூடுதல். 1960-இல் பிரெஞ்சுக் கலைஞர் ஈவ் க்ளைன் மாடியிலிருந்து தெருவில் பாயும் படம் பலருக்கும் தெரிந்திருக்கும். கீழே நண்பர்கள் தார்ப்பாயைப் பிடித்து நிற்க அவர் குதித்தார். ஷங்க், கெண்டர் என்ற இரு புகைப்படக்காரர்கள் அந்தப் படத்தை வெறும் தெருவின் படத்தோடு ஒட்டித் தார்ப்பாயை மறைத்தார்கள். குதித்தது உண்மை, வெறும் தெருவில் குதித்தது மட்டும் நடக்கவில்லை. அந்த ஒட்டுவேலையே படைப்பின் பாகம் என்பதால் அதையும் சொல்லித்தான் எழுத வேண்டும்.

இப்போது நடக்கிற ஒன்றை ஆவணப்படுத்துகிறீர்கள் என்றால், பிரிப்பதற்கு முன்பே தரைப்படம் ஒன்று வரைந்து, கேமரா நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் அதில் குறியுங்கள். ஒரு படத்திலாவது அளவுகோல் தெரியட்டும். நிறத்துக்குக் கேமராவை மட்டும் நம்பாமல் பெயிண்ட் டப்பாவின் லேபிளையும் படமெடுத்து வையுங்கள். அப்புறம், பார்த்தவர்களிடம் பேசும்போது படங்களைக் காட்டாமல் தனித்தனியாகக் கேளுங்கள். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அவர்கள் படத்தைத்தான் விவரிப்பார்கள். வாசனை, சத்தம், பின்வரிசையில் நின்றவருக்கு எதுவுமே தெரியாமல் போனது போன்ற விஷயங்கள் படம் பார்ப்பதற்கு முந்தைய பேச்சில்தான் வரும்.