ஓர் இரவுக்கு ஒரு கோட்டை

பகை நாட்டில் நடக்கும் ரோமானியப் படை, பொழுது சாய்வதற்குள் தன்னைச் சுற்றி அகழி வெட்டி மண் அரண் எழுப்பிவிடும். மறுநாள் காலையில் அதை விட்டுவிட்டுக் கிளம்பும். மாலையில் வேறோர் இடத்தில் மறுபடி அதே வேலை. இருபதாயிரம் பேர் நாள் முழுக்க நடந்த களைப்பில் இதை எப்படிச் செய்து முடித்தார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு 600 மீட்டர் உள்ள சதுரப் பாசறை என்றால் சுற்றளவு 2,400 மீட்டர். அகழியின் வாய் அகலம் ஒன்றரை மீட்டர், ஆழம் ஒரு மீட்டர், அடிப்பகுதி கூம்பி ஆங்கில 'வி' எழுத்தைப் போல இருக்கிறது என்று கொள்வோம். வெட்டியெடுக்க வேண்டிய மண் 1,800 கன மீட்டர். ஐயாயிரம் பேர் வெட்டினால் ஆளுக்கு ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகத்தான் வரும். மண் மிருதுவாக இருந்தால் ஓரிரு மணி நேர வேலைதான். பாறையோ மரவேரோ குறுக்கிட்டால் கணக்கு தப்பிவிடும்.

குழப்பம் இல்லாமல் இருப்பதற்குத்தான் உண்மையான திறமை தேவைப்பட்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் அதிகாரியும் சில நூற்றுவர் தலைவர்களும் முன்னதாகவே சென்று இடம் பார்ப்பார்கள். தளபதியின் கூடாரம் வரவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கொடி நடப்படும். மற்ற எல்லாமே அங்கிருந்து அளக்கப்படும். தெருக்களின் வரிசை ஒருநாளும் மாறாது என்பதால், பின்னால் வரும் வீரன் யாரையும் கேட்காமல், சொந்த ஊருக்குத் திரும்பியவனைப் போலத் தன் இடத்துக்கு நேராகப் போய்விடுவான். அகழியிலும் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு நீளம் என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள்.

வெட்டிய மண்ணை உள்பக்கம் கொட்டிக் கரை எழுப்பி, அதன்மேல் வீரர்கள் சுமந்து வந்த கழிகளை நடுவார்கள். இந்தக் கழிகளைப் பார்த்துப் பொலிபியஸ் வியக்கிறார். கிரேக்கர்களின் கழியில் சுற்றிலும் பெரிய கிளைகள் இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்தால் ஒன்று வந்துவிடும், அந்த ஒன்றே வாசல் அளவு இடைவெளியை உண்டாக்கிவிடும். ரோமானியக் கழியில் இரண்டு மூன்று கிளைகள்தான், அவையும் ஒரே பக்கத்தில். ஒன்றோடொன்று பின்னி நட்டுவிட்டால் கையை நுழைத்துப் பிடிக்க இடமிருக்காது. ஒன்றை இழுத்தால் பக்கத்துக் கழிகளும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

அரணுக்கும் முதல் கூடாரத்துக்கும் நடுவே சுமார் 60 மீட்டர் வெற்றிடம் விடுவார்கள். இரவில் எறியப்படும் ஈட்டியும் தீப்பந்தமும் கூடாரங்களை எட்டுவது அரிது. தூக்கம் கலைந்து எழுந்தவர்கள் அணிவகுக்கவும் அங்கே இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், அகழியைவிட முக்கியமானது இந்த வெற்றிடம்தான். ஒரு மீட்டர் அகழி எந்தப் படையையும் நிறுத்திவிடாது. உள்ளே இருப்பவன் கேடயத்தைக் கையில் எடுக்கும்வரை பகைவனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இந்த முறையில் ஆபத்தான நேரம் இரவு அல்ல, மாலை. பாதி அகழி வெட்டியிருக்கும்போது படை சிதறிக் கிடக்கிறது, கையில் இருப்பது மண்வெட்டி. சீசர் இதை அறிந்தவர். கி.மு. 58இல் ஜெர்மானியத் தலைவன் அரியோவிஸ்டஸின் படைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் பாசறை அமைக்க வேண்டியிருந்தது. படையை மூன்று வரிசையாக நிறுத்தினார். முதல் இரண்டும் ஆயுதத்தோடு நிற்க, மூன்றாவது வரிசை மட்டும் மண் வெட்டியது. தாக்க வந்தவர்களை முன்வரிசைகள் தடுத்து நிறுத்தின, வேலையும் முடிந்தது.

அடுத்த ஆண்டே சாபிஸ் ஆற்றங்கரையில் அந்த எச்சரிக்கை தவறிப்போனது. ஆறு படையணிகள் ஒரே நேரத்தில் அகழி வெட்டத் தொடங்கின. கரைக்கு மண்ணும் மரமும் தேடிப் பலர் தொலைவுக்குப் போயிருந்தார்கள். எதிர்க்கரைக் காட்டில் நெர்வி இனத்தார் ஒளிந்திருந்தார்கள். ரோமானியரின் சுமை வண்டிகள் கண்ணில் படுவதுதான் அவர்கள் பேசி வைத்திருந்த அடையாளம். வண்டிகள் தெரிந்ததும் காவல் நின்ற குதிரைப்படையைச் சிதறடித்து, ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறிவிட்டார்கள். தலைக்கவசம் மாட்டவும், கேடயத்தின் உறையைக் கழற்றவும்கூட நேரம் இல்லை என்று சீசரே எழுதுகிறார். வேலையை விட்டு ஓடி வந்தவர்கள், தங்கள் பிரிவைத் தேடாமல், முதலில் கண்ட கொடியின் கீழ் நின்று போரிட்டார்கள். சீசரும் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். சீசரின் துணைத் தளபதி லாபியனஸ் அனுப்பிய பத்தாம் படையணி திரும்பி வந்து சேர்ந்ததால் ரோமானியர் தப்பினார்கள்.

வெட்டும் கைகள் குறைந்தால் அகழியும் குறைகிறது. கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் ரோமானியத் தளபதி வாரஸின் மூன்று படையணிகள் அழிந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து இன்னொரு ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸ் அங்கே போனபோது கண்டதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். முதல் பாசறையின் பரந்த சுற்றளவு, அதை மூன்று படையணிகள் சேர்ந்து அமைத்ததைக் காட்டியது. அடுத்ததில் பாதி இடிந்த கரை, ஆழமில்லாத அகழி. நொறுங்கிப்போன மிச்சப் படை அங்கேதான் ஒதுங்கியிருந்தது என்பது பார்த்ததும் புரிந்தது.

ஸ்காட்லாந்து வயல்களில் வானிலிருந்து எடுத்த படங்களில் தெரியும் ரோமானியப் பாசறைக் கோடுகளையும் ஆய்வாளர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள். மண் தூர்ந்த பழைய அகழியில் ஈரம் தங்குவதால் வறண்ட கோடையிலும் அதன்மேல் பயிர் பசுமையாக நிற்கும். அந்தக் கோடுகளுக்குள் அடங்கும் பரப்பை வைத்துப் படையின் அளவைக் கணிக்கிறார்கள். ஆனால் ஒரு ஹெக்டேரில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு இருப்பதால், ஒரே பாசறைக்கு வெவ்வேறு எண்ணிக்கைகள் வருகின்றன.