பிடிக்காத பெயர்களை எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள்

பெயர் வைத்துத் தரும் ஆலோசகருக்கு நம் தேவையைச் சொல்லி அனுப்பும் குறிப்புதான் பிரீஃப். பல பிரீஃப்களில் பெயரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "சின்னதாக, மாடர்னாக, மனதில் நிற்பதாக இருக்க வேண்டும்." இந்த வரி எந்தப் பெயரையும் விலக்குவதில்லை. அதனால் ஆலோசகர் கொண்டுவரும் முதல் நாற்பது பெயர்களும் "ஏனோ சரியாக வரவில்லை" என்று திரும்பிவிடும். உங்களுக்கு எதெல்லாம் பிடிக்காது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு சுற்று உழைப்பும் கட்டணமும் கரைந்துபோகும். பிடிக்காத பெயர்களின் பட்டியலை முதலிலேயே காரணத்தோடு கொடுத்துவிட்டால் அந்தச் சுற்று மிச்சம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றுக்குப் பெயர் வேண்டும். பிரீஃபில் "பிடிக்காதவை: பில் அலார்ம், சீனியர்மேட், மெடிலிக்ஸ், ஸோரா" என்று மட்டும் இருக்கிறது.

பில் அலார்ம் ஏன் பிடிக்கவில்லை? அலார்ம் என்ற சொல் பதற்றம் தருவதாலா? செயலி செய்யும் வேலையை அப்படியே சொல்லிவிடுவதாலா? அல்லது நாளைக்கு ரத்த அழுத்தத்தையும் இதிலேயே பதியப் போவதால், மாத்திரை என்று சுருங்கிவிடக் கூடாது என்பதாலா? முதல் காரணம் என்றால் பில் என்ற சொல் இருக்கலாம், கூட வரும் சொல்தான் மென்மையாக வேண்டும். இரண்டாவது என்றால் வேலையை விவரிக்கும் பெயர்கள் அத்தனையும் போய்விடும். மூன்றாவது என்றால் விவரிக்கும் பெயர் இருக்கலாம், மாத்திரை மட்டும் கூடாது. காரணம் இல்லாத பட்டியலை வாங்கும் ஆலோசகர் இந்த மூன்றில் ஒன்றை ஊகித்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

அதே பட்டியலைக் காரணத்தோடு எழுதினால் இப்படி வரும். பில் அலார்ம்: அடுத்த ஆண்டு ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு இரண்டும் சேரப்போகின்றன, மாத்திரை என்ற சொல் கட்டிப்போட்டுவிடும். சீனியர்மேட்: போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வயதைச் சொல்லிக்காட்டுகிறது. மெடிலிக்ஸ்: ஏதோ மருந்தின் பெயர் போல ஒலிக்கிறது.

மெடிலிக்ஸுக்குச் சொன்ன காரணம் வெறும் ரசனை சார்ந்தது அல்ல. அமெரிக்காவில் லோசெக் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை, லேசிக்ஸ் என்ற நீர்ப்பிரிப்பு மாத்திரையோடு குழப்பிக்கொள்ளப்பட்டதால் 1990-இல் பிரைலோசெக் என்று பெயர் மாற்றப்பட்டது. மருந்துச் சீட்டின் அருகில் புழங்கப்போகும் செயலிக்கு மருந்து போல ஒலிக்கும் பெயர் இருந்தால், "தினமும் மெடிலிக்ஸ் பார்த்துத்தான் போட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு முதியவர் சொல்வதை எதிரில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. இப்படிப்பட்ட காரணத்தை ரசனைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டாயத் தடைகளின் கீழ் எழுத வேண்டும்.

ஸோராவுக்குக் காரணம் சொல்ல முடியவில்லையா? "காரணம் தெரியவில்லை, நிறுவனருக்குப் பிடிக்கவில்லை" என்றே எழுதிவிடுங்கள். யாருக்குப் பிடிக்கவில்லை என்ற குறிப்பும் பயனுள்ளது. அந்தப் பெயர் அவருக்கு யாரையோ நினைவூட்டலாம், அல்லது "ஆ" என்று முடியும் இரண்டசைப் பெயர்கள் அவருக்குச் சலித்துப்போயிருக்கலாம். ஆலோசகர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாலே தெளிந்துவிடும். காரணத்தை இட்டுக்கட்டுவதுதான் ஆபத்து. "அர்த்தம் இல்லாத பெயர் வேண்டாம்" என்று பொய்க் காரணம் எழுதினால், புனைந்து உருவாக்கும் பெயர்கள் எல்லாமே வீணாக வெளியே போய்விடும். வணிகச்சின்னமாகப் பதிவு செய்ய வலுவானவை பெரும்பாலும் அந்த வகைதான். வேலையை விவரிக்கும் பெயர்களைப் பதிவு செய்வதும் கடினம், பிறர் பயன்படுத்தாமல் தடுப்பதும் கடினம்.

எட்டுப் பத்துப் பெயர்கள் போதும். அதற்கு மேல் போனால் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

பிரீஃபின் பயனர் பகுதியில் "25 முதல் 75 வயது வரை" என்று எழுதுவதால் பெயருக்கு எந்த உதவியும் கிடைக்காது. இந்தச் செயலியை வாங்குவது வேறு ஊரில் இருக்கும் மகள், போனில் வைத்திருப்பது 72 வயது அம்மா. பெயரை யார், எங்கே, யாரிடம் வாய்விட்டுச் சொல்வார்கள் என்று எழுதுங்கள். மகள் போனில் அம்மாவிடம் பெயரைச் சொல்லித் தேட வைப்பாள். அம்மா அதைக் காதால் கேட்டு எழுத்துக்கூட்டித் தட்ட வேண்டும். இந்த ஒரு காட்சி தெரிந்தால், எழுத்து விட்டுப்போன, எழுத்து இரட்டித்த விசித்திர ஸ்பெல்லிங்குகளை ஆலோசகர் தாமாகவே ஒதுக்கிவிடுவார். பெயர் தமிழ் எழுத்திலும் வரப்போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்: Kala, Gala இரண்டும் தமிழில் கலாதான்.

தொனியைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எல்லையும் வேண்டும். "அன்பாக" என்றால் ஒருவர் கொஞ்சல் பெயர்களைக் கொண்டுவருவார், இன்னொருவர் தாயைக் குறிக்கும் சொற்களைத் தேடுவார். "அன்பாக, ஆனால் குழந்தையிடம் பேசுவது போல இல்லாமல்" என்றால் சீனியர்மேட் ஏன் விழுந்தது என்பதும் சேர்ந்தே புரியும். தொனியும் பிடிக்காத பட்டியலும் ஒன்றையொன்று மறுக்கவே கூடாது.

கட்டாயத் தடைகளை எண்ணோடு எழுதுங்கள். ஆப்பிள், கூகுள் இரண்டு கடைகளிலும் செயலியின் பெயருக்கு 30 குறிகள்தான் இடம். நினைவூட்டல் குறுஞ்செய்தியாகவும் போகும் என்றால், எழுத்தால் ஆன அனுப்புநர் பெயர் 11 குறிகளைத் தாண்ட முடியாது. எந்தெந்த நாடுகளில், எந்த வகுப்புகளில் வணிகச்சின்னம் தேடப்பட வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். வணிகச்சின்னப் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் பிரிக்கும் பன்னாட்டு நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உண்டு. செயலி 9-ஆம் வகுப்பில் வரும். மருத்துவ ஆலோசனையும் சேரப்போகிறது என்றால் 44-ஐயும் பார்க்க வேண்டும். பின்னால் சேரும் வகுப்பை மறைத்தால், எல்லோருக்கும் பிடித்துப்போன பெயர் வழக்கறிஞரின் மேசையில் விழும்.

விருப்பங்களைத் தடைகளோடு கலக்காதீர்கள். "அகராதியில் உள்ள ஒற்றைச் சொல், ஆறு எழுத்துக்குள், அதே பெயரில் .com" என்ற மூன்றும் கட்டாயம் என்றால் தேடல் அங்கேயே முடிந்துவிடும், அப்படிப்பட்ட முகவரிகள் எப்போதோ பிறர் கைக்குப் போய்விட்டன. முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் சேர்ந்த முகவரி சம்மதமா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் சுற்று வந்ததும், நிராகரிக்கும் பெயர்களும் காரணத்தோடு அதே பட்டியலில் சேர வேண்டும். நம் உதாரணத்தில் மணியையும் நேரத்தையும் தொட்ட ஐந்து பெயர்களும் விழுந்து, எல்லாவற்றுக்கும் "விரட்டுவது போல இருக்கிறது" என்றே காரணம் வந்தால், அதைத் தொனிப் பகுதிக்கு ஏற்றி, "அன்பாக, விரட்டாமல்" என்று பிரீஃபைத் திருத்திய பிறகே இரண்டாம் சுற்றுக்கு அனுப்புங்கள்.